பதின்மூன்று வாரமும் ஒரு சிவப்புப் பென்சிலும்

போத்தனூரில் ஓர் இல்லத்தின் கூடத்துச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், கணக்கு நோட்டின் கட்டத் தாள்கள் இரண்டை ஒட்டி நீளமாக்கிய காகிதம் ஒன்று 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை தொங்கிற்று. அவ்வில்லத்தின் தலைவர் பாலக்காடு கோட்டத்தின் ரயில் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மகளின் திருமணம் நவம்பர் 29, சனிக்கிழமை என்று குறித்தாயிற்று. மறுநாள் திருவருகைக் காலம் தொடங்கிவிடுகிறபடியால் நாளைத் தள்ளிப்போட அவர்களுக்கு மனம் இல்லை. வெளியூரிலிருந்து வரும் முதியோர் தங்குவதற்காக மாடியில் 12 அடிக்கு 14 அடி அறை ஒன்றும், அதை ஒட்டிக் குளியலறையும் கட்ட வேண்டும். விருந்தினர் வந்திறங்கும் நவம்பர் 26-ஆம் நாளுக்குள் அறை ஆயத்தமாக வேண்டும். கைவசம் இருந்தது மூன்று மாதம். அதாவது பதின்மூன்று வாரம்.

நாம் முதன்முறை அவ்வீட்டுக்குச் சென்றபோது அக்காகிதத்தைப் பார்த்து, "இது என்ன, ரயில் அட்டவணையா?" என்று வினவினோம். அவர் நகைத்தார். "ஏறத்தாழ அதுதானுங்க" என்றார்.

அவர் வரைந்திருந்தது கேன்ட் வரைபடம் எனப்படுவது. ஹென்றி கேன்ட் (1861-1919) என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அது வழங்குகிறது. அவருக்கு முன்னரே, 1896-இல், போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி இத்தகைய ஒன்றை வகுத்திருந்தார். ஆயினும் பெயர் கேன்டுக்கே நிலைத்துவிட்டது. இடப்புறம் மேலிருந்து கீழாக வேலைகளின் பெயர்கள். மேற்புறம் இடமிருந்து வலமாக நாட்கள். ஒவ்வொரு வேலைக்கும், அது தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை ஒரு பட்டை. இவ்வளவுதான் வரைபடம். வரைவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். பதின்மூன்று வாரமும் அதைப் பொய் சொல்லாமல் வைத்திருப்பதே கடினம்.

முதலில் வரைந்த விதத்தைக் கூறுவோம். வாரத்திற்கு ஆறு வேலை நாள் எனக் கொண்டு, நாளொன்றுக்கு ஒரு சிறு கட்டமாக 78 கட்டங்களை அவர் குறுக்கே எண்ணிக்கொண்டார். ஞாயிறுகளுக்குக் கட்டம் இல்லை. வாரத்தின் தலையில் தேதி. அக்டோபர் 1, 2 ஆகிய ஆயுத பூசை, விசயதசமி நாட்களையும், அக்டோபர் 20-ஆம் நாள் தீபாவளியையும் எந்தப் பட்டையும் போடுவதற்கு முன்பே நிழலிட்டு வைத்தார். தீபாவளிக்கு ஒரு நாள் மட்டும் நிழலிடவில்லை. அக்டோபர் 17 முதல் 25 வரை முழுவதும் நிழலிட்டார். சென்ட்ரிங் ஆட்கள் 16-ஆம் நாள் மாலையே ஊருக்குப் புறப்பட்டால், 27-ஆம் நாள் திங்களன்றுதான் திரும்புவர் என்பதை மேஸ்திரியிடம் கேட்டே அறிந்துகொண்டிருந்தார். நாட்காட்டியில் விடுமுறை ஒரு நாள்தான். வேலைத்தலத்தில் அது ஒன்பது நாள்.

அடுத்து வேலைகளின் பெயர்களை எழுதினார். இங்கே பலரும் தவறுவர். "கட்டட வேலை" என்று ஒரே வரியில் எழுதி இரண்டு மாதப் பட்டை போட்டால், அது முடியும் நாள்வரை "நடந்துகொண்டிருக்கிறது" என்பதைத் தவிர அவ்வரி வேறொன்றும் சொல்லாது. அவர் கையால் தொட்டுப் பார்த்து முடிந்தது என்று சொல்லக்கூடிய பொருள்களாகவே எழுதினார். தச்சர் நிலையும் சன்னல் சட்டமும் கொண்டுவந்து இறக்குதல் முதல் வரி. மாடியின் கைப்பிடிச் சுவரை இடித்துச் செங்கல், மணல் மேலேற்றுதல் இரண்டாவது. இவ்விரண்டும் முதல் வாரத்தில் முடிய வேண்டும். லிண்டல் உட்படச் சுவர் எழுப்புதல், செப்டம்பர் 8 முதல் 27 வரை 18 நாள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, தளம் இடுதல் பத்து நாள்; தளம் இடும் நாள் அக்டோபர் 11. பிறகு காத்திருப்பு. அதன்பின் மின்குழாய், தண்ணீர்க் குழாய் பதித்துப் பூசுதல் 12 நாள். குளியலறைக்கும் தரைக்கும் ஓடு பதித்தல் ஆறு நாள். கதவு மாட்டி வண்ணம் அடித்தல் மூன்று நாள். நவம்பர் 19, புதன்கிழமை எல்லாம் முடியும். மீதம் ஐந்து வேலை நாள் வெறுமையாக நின்றது. அதற்கும் தனியாக ஒரு வரி போட்டு, "கையிருப்பு" என்று வெளிப்படையாக எழுதிவைத்தார்.

இந்தக் கையிருப்பு வரியைக் குறித்து ஒரு சொல். மேஸ்திரியிடம் சுவருக்கு எத்தனை நாள் என்றால், தம் பாதுகாப்புக்கு இரண்டு நாள் கூட்டிச் சொல்வார். தச்சர் இரண்டு நாள். நாமும் ஒரு நாள் கூட்டுவோம். இவ்வாறு ஒவ்வொரு பட்டைக்குள்ளும் ஒளித்து வைத்த நாட்கள் யாருக்கும் பயன்படாமல் கரைந்துவிடும். ஐந்து நாளில் முடியும் வேலைக்கு ஏழு நாள் கொடுத்தால் அது ஏழு நாளும் நடக்கும். ஒரே இடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வைத்த ஐந்து நாளோ, எவர் எடுத்தாலும் குறைவது தெரியும்.

காத்திருப்பு வரியைப் பார்த்தபோது நமக்கு ஐயம் எழுந்தது. யாரும் வேலை செய்யாத நாட்களுக்கு எதற்குப் பட்டை? கான்கிரீட் தளம் தன் பாரத்தைத் தானே தாங்கும் வலிமை பெறும்வரை கீழே முட்டுகளை எடுக்கலாகாது. பொறியாளர் 14 நாள் என்று சொல்லியிருந்தார். ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கட்டுமான விதிநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, நாலரை மீட்டர் அகலத்திற்கு உட்பட்ட தளத்திற்கு முட்டுகள் குறைந்தது ஏழு நாள் நிற்க வேண்டும் என்கிறது. அது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கான கணக்கு. இவர்கள் வாங்கியதோ சாம்பல் கலந்த சிமெண்டு. அது மெதுவாக இறுகும். ஆகவே பொறியாளர் சொன்ன 14 நாளே பட்டையாயிற்று. இதில் இரு நுணுக்கங்கள் உண்டு. கான்கிரீட்டுக்கு ஞாயிறு, விடுமுறை எதுவும் தெரியாது. எனவே இந்த ஒரு பட்டையை மட்டும் வேலை நாளாக எண்ணாமல் நாட்காட்டி நாளாகவே எண்ண வேண்டும். அக்டோபர் 12 முதல் 25 வரை. மற்றொன்று, இந்தப் பட்டையின்மேல் தீபாவளி நிழல் முழுதும் வந்து அமர்வதைப் பாருங்கள். ஆட்கள் இல்லாத ஒன்பது நாளையும் ஆட்கள் தேவையில்லாத வேலைக்குள்ளே அவர் பொதிந்துவிட்டார். தளத்தின் மேல் பாத்தி கட்டி நிறுத்திய நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது மட்டும் வீட்டாரின் பொறுப்பு. திட்டத்தின் சிறப்பும் அதுவே; அதன் ஆபத்தும் அதுவே என்பது பின்னர் விளங்கிற்று.

கடைசியாக ஒவ்வொரு வரியையும் அவர் இரண்டாகப் பிரித்திருந்தார். மேற்பாதியில் கறுப்பு மையில் திட்டம். கீழ்ப்பாதி வெறுமை, நடந்ததைச் சிவப்புப் பென்சிலால் குறிப்பதற்கு. "கட்டுப்பாட்டு அறையிலே ஒரு வண்டி நாற்பது நிமிடம் தாமதமென்றால், அட்டவணையிலே இருக்கிற நேரத்தை யாரும் அழித்து எழுதுவதில்லை. உண்மையாக ஓடினதைத் தனியாக வரைவோம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அங்கே செய்தி" என்று விளக்கினார்.

இனி நடந்ததைக் கூறுவோம். அவ்வீட்டில் சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கும் நேரமே வரைபடத்தைப் பார்க்கும் நேரமும் ஆகும். செப்டம்பர் 6, முதல் சனிக்கிழமை. செங்கல் மேலேறியாயிற்று. நிலை வரவில்லை. தச்சர் தொலைபேசியில், "முக்காவாசி முடிஞ்சுதுங்க சார்" என்றார். முதல் வரியின் கீழ்ப்பாதியில் முக்கால் பாகம் சிவப்பிடலாமா?

இடவில்லை. ஒரு கோடும் இடவில்லை. நிலை வாசலில் இறங்கினால் முழுப் பட்டை, இல்லையேல் ஒன்றுமில்லை. இது தச்சர்மீது கொண்ட அவநம்பிக்கையன்று. முக்கால் நிலையை வைத்துக்கொண்டு மேஸ்திரியால் சுவர் எழுப்ப இயலாது. அடுத்த வேலைக்கு அது சுழியமே. எண்ணக்கூடியவற்றை எண்ணலாம். சுவர் எத்தனை வரிசை ஏறியது, எத்தனை சதுர அடி ஓடு பதிந்தது என்று அளந்து, அந்த விகிதத்திற்குச் சிவப்பிடலாம். எண்ண இயலாததற்கு முழுமை அல்லது ஒன்றுமில்லை. மேலும் தச்சரிடம் "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்பதை விடுத்து, "இன்னும் எத்தனை நாள் வேண்டும்?" என்று கேட்டார். முக்காவாசி என்று சொன்ன அதே தச்சர், சற்று யோசித்து, "அடுத்த சனிக்கிழமை ஆயிடுங்க" என்றார். முதல் கேள்விக்குக் கிடைத்தது ஆறுதல். இரண்டாவதற்குக் கிடைத்தது ஒரு தேதி.

தேதி தவறவில்லை. செப்டம்பர் 13 அன்று நிலை வந்திறங்கியது. எட்டாம் நாள் தொடங்க வேண்டிய சுவர் பதினைந்தாம் நாள் தொடங்கும். ஆறு வேலை நாள் தாமதம். கையிருப்பு ஐந்து நாள். ஒரு நாள்தானே குறைகிறது, ஓட்டிவிடலாம் என்றே வீட்டில் எல்லோருக்கும் தோன்றிற்று. அன்று மாலை அவர் எல்லாப் பட்டைகளையும் மெல்லிய பென்சிலால் ஆறு கட்டம் வலப்புறம் நகர்த்தி வரைந்து பார்த்தார்.

சுவர் முடிவது அக்டோபர் 7. சென்ட்ரிங்கும் கம்பியும் பத்து நாள். தளம் இடும் நாள் அக்டோபர் 18. அந்த நாள் தீபாவளி நிழலுக்குள் கிடந்தது. ஆட்கள் 16-ஆம் நாளே போய்விடுவர். எட்டு நாள் வேலை முடிந்து இரண்டு நாள் மீதமிருக்க எல்லாம் நின்றுவிடும். திரும்பி வந்து 28-ஆம் நாள்தான் தளம் இட முடியும். அதற்குப் பிறகே 14 நாள் காத்திருப்பு தொடங்கும். விடுமுறை இனி அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது. நவம்பர் 12-இல் பூச்சு, 26-இல் ஓடு, டிசம்பர் 5-இல் வண்ணம். திருமணம் நவம்பர் 29.

ஆறு நாள் தாமதம் இங்கே ஆறு நாளாக நிற்கவில்லை. ஒரு நிழலை உரசியவுடன் இரண்டு வாரத்திற்கும் மேலாக வீங்கிவிட்டது. வரைபடம் இல்லாதவருக்கு இது அக்டோபர் பதினாறாம் நாள் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கையில்தான் தெரிந்திருக்கும். இவருக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்தது.

எந்தப் பட்டையைக் குறைப்பது? காத்திருப்பைக் குறைக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். ஏழு நாள் போதும் என்பது அவர் கேள்விப்பட்ட செய்தி. பொறியாளர் இசையவில்லை. கம்பி கட்டுவதில் ஆள் கூட்டினாலும் பயன் சிறிதே. சிறிய தளத்தின்மேல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வர். சுவரோ நான்கு பக்கம்; மேலும் ஒரு கொத்தனாரும் சித்தாளும் நின்றால் இடைஞ்சல் இல்லை. ஆள் சேர்த்தார்கள். 18 நாள் 15 ஆயிற்று. சுவர் அக்டோபர் 3-இல் முடிந்து, தளம் 15-ஆம் நாள் புதன்கிழமை இடப்பட்டது. மறுநாள் மாலை ஆட்கள் ஊருக்குச் சென்றனர். காத்திருப்பு அக்டோபர் 29 வரை. ஆறு நாள் தாமதம் மூன்றாகச் சுருங்கிற்று. கூடுதல் கூலி கொடுத்தது உண்மைதான். ஆனால் அது எந்த மூன்று நாளுக்காகக் கொடுக்கப்பட்டது என்பது வீட்டில் யாவருக்கும் தெரிந்திருந்தது.

ரயில்வேக்காரரின் வீடாகையால் அங்கே பாம்பன் பாலத்தின் பேச்சு வராமல் போகாது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் அப்பாலத்தின் பெரும்பான்மையான கண்களை அடித்துச் சென்றபோது, அதைச் சீரமைக்க ஆறு மாதம் எனத் திட்டமிடப்பட்டது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலில் விழுந்த உத்தரங்களைத் தேடி எடுத்து மீண்டும் ஏற்றியதே அதன் மறைபொருள். புதிய உத்தரங்களுக்காகக் காத்திருப்பது என்னும் நீண்ட பட்டையே அங்கே இல்லாமல் போயிற்று. அதனால்தானோ என்னவோ, தாமதம் வந்தால் எல்லோரையும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவதில் நம் நண்பருக்கு நம்பிக்கை இல்லை. நாட்களைத் தின்னும் பட்டை எது என்று பார்த்து, அதன் உருவத்தை மாற்ற முடியுமா என்றே அவர் பார்ப்பார்.

இனி, வரைபடம் பொய்யாகும் வழிகளைச் சொல்ல வேண்டும். அவற்றுள் மூன்றை இவ்வீட்டிலேயே கண்டோம். மூன்றையும் செய்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே.

முதலாவது, அழித்து வரைவது. தளம் இடும் நாள் மாறியவுடன், வீட்டு மருமகன் ஆகப்போகிறவரின் தம்பி, கணினி பழகிய பிள்ளை, "மாமா, நான் புதுசா அழகா ஒண்ணு வரைஞ்சு தரேன், இதக் கிழிச்சிடலாம்" என்றான். புதிய வரைபடத்தில் எல்லாப் பட்டையும் சரியாக இருக்கும். எந்தத் தாமதமும் தெரியாது. அடுத்த வாரம் மீண்டும் ஒன்று. இவ்வாறு ஒவ்வொரு வாரமும் புதுப்பிக்கப்படும் வரைபடம், கடைசி நாள்வரை "எல்லாம் திட்டப்படி" என்றே காட்டும். நண்பர் பழைய கறுப்புப் பட்டைகளை அப்படியே விட்டு, மாறிய நாட்களைக் கீழ்ப்பாதியில் சிவப்புப் புள்ளிகளாக இட்டு, மேலே மாற்றிய தேதியையும் எழுதினார். தாள் அழகு குன்றியது உண்மை.

இரண்டாவது, நாள் கழிந்ததை வேலை நடந்ததாக எண்ணுவது. நண்பர் இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தபோது, அவருடைய இளைய மகன் உதவியாகச் சனிக்கிழமைச் சிவப்பை இட்டான். பூச்சு வேலையின் பட்டையில் பாதி நாள் கழிந்திருந்தது, பாதிக்குச் சிவப்பிட்டுவிட்டான். திரும்பி வந்த தந்தை மாடி ஏறிப் பார்த்தார். உள்சுவர் முடிந்திருந்தது, வெளிச்சுவர் தொடங்கவேயில்லை. பரப்பை அளந்து கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். பட்டையின் சிவப்பு ஓடும் வேகமும் நாட்காட்டி ஓடும் வேகமும் வாரந்தோறும் ஒன்றாகவே இருந்தால், யாரும் மாடி ஏறிப் பார்க்கவில்லை என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தாளின்மேல் இன்றைய நாளைக் காட்ட ஒரு நூலைச் செங்குத்தாகத் தொங்கவிடுவது. நூலுக்கு இடப்புறம் சிவப்பு படாமல் கிடக்கும் வெற்றிடமே நாம் பின்தங்கிய அளவு. எல்லா வரியிலும் சிவப்பு மிகச் சரியாக நூலில் வந்து நின்றால் ஐயுறவேண்டும். மெய்யான வேலை அவ்வாறு நிற்பதில்லை.

மூன்றாவது, கடைசிப் பட்டையிலிருந்து திருடுவது. ஐப்பசி மழையால் வெளிப்பூச்சு இரண்டு நாள் நின்றது. பூச்சு நவம்பர் 12-க்குப் பதில் 14-இல் முடிந்தது. கையிருப்பு ஐந்தில் மூன்று முன்பே போயிற்று, இப்போது மீதி இரண்டும் தீர்ந்தது. அதன்மேல் மற்றொன்று: தரை ஓடு 17-ஆம் நாள் மாலைதான் வந்தது. மேலும் இரண்டு நாள். கையிருப்பு இல்லை. இனி எங்கிருந்து எடுப்பது? எல்லோர் கண்ணும் வண்ணம் அடிக்கும் மூன்று நாள்மீது சென்றது. "ரெண்டு ஆள் கூட வச்சா ஒரே நாள்ல அடிச்சிடலாங்க" என்றார் மேஸ்திரி. கடைசியில் நிற்கும் வேலையே எப்போதும் இவ்வாறு நசுங்குகிறது. ஏனெனில் அதன் ஆள் இன்னும் வரவில்லை, வாதாடுவதற்கு அவர் அங்கே இல்லை.

நண்பர் வண்ணம் அடிப்பவரை வரவழைத்து, சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் சொன்னது வெளிப்படை: பூச்சு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, சுவருக்குள் ஈரம் நிற்கிறது, பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் இரண்டு மாதத்தில் உப்புப் பூத்து உரியும். அப்படியானால் மூன்று நாளை ஒரு நாளாக நசுக்குவதும் பொய், மூன்று நாள் ஒதுக்கியிருந்தாலும் அது பொய்யே. பூச்சு உலர மூன்று நான்கு வாரம் தேவை என்பது முதல் நாளே வரைபடத்தில் ஒரு காத்திருப்புப் பட்டையாக இடம்பெற்றிருக்க வேண்டும். தளத்திற்குக் கொடுத்த மரியாதையைச் சுவருக்குக் கொடுக்கத் தவறிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார்.

முடிவில் வண்ணம் என்னும் வரியைச் சிவப்பால் குறுக்கே அடித்து, அதன் பக்கத்தில், "சுண்ணாம்பு மட்டும், ஒரு நாள். வண்ணம் பொங்கலுக்குப் பின்" என்று எழுதினார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பின்னர் பட்டி பார்க்கும்போது அதைச் சுரண்டி எடுக்க வேண்டிய கூடுதல் வேலை உண்டு என்பதையும் அங்கேயே குறித்தார். இல்லத்தலைவிக்கு இது மனத்தாங்கலே. "கல்யாண வீட்டுல வெறும் வெள்ளையடிச்சு வைக்கிறதாங்க?" என்று கேட்டார். ஆனால் அவர் அதைக் கேட்டது நவம்பர் 17-ஆம் நாள். 25-ஆம் நாள் இரவில் அன்று. சன்னலுக்கு நல்ல திரைச்சீலை தைக்கக் கொடுப்பதற்கு நேரம் இருந்தது.

ஓடு ஏன் தாமதமாயிற்று என்பதையும் சொல்லாமல் விடலாகாது. கேன்டின் வழிவந்தவர்கள் தொழிற்சாலைகளில் தாமதம் நேர்ந்த இடத்தில் அதன் காரணத்தை ஓர் எழுத்தால் குறித்துவந்தனர். ஆள் வராமைக்கு ஒன்று, பொருள் இன்மைக்கு ஒன்று, கருவிப் பழுதுக்கு ஒன்று. அவ்வரைபடத்தைப் பற்றி வாலஸ் கிளார்க் 1922-இல் வெளியிட்ட நூலில் இவ்வெழுத்துகள் விளக்கப்பட்டிருக்கின்றன. நம் நண்பரும் "ஆ" என்றால் ஆள், "பொ" என்றால் பொருள், "ம" என்றால் மழை என வைத்திருந்தார். ஓட்டுக்கு "பொ" என்று எழுதப் போனவரை மகள் தடுத்தாள். "அப்பா, கடைக்காரர் ஆர்டர் குடுத்த ஆறு நாள்ல அனுப்பிட்டார். ஆர்டர் குடுக்கவே நாமதான் பத்து நாள் யோசிச்சோம்" என்றாள். பச்சையா, பழுப்பா என்று மூன்று கடை ஏறி இறங்கியது வீட்டாரே. வரைபடத்தில் தச்சருக்கு வரி இருந்தது, மேஸ்திரிக்கு வரி இருந்தது. "ஓடு தேர்ந்தெடுத்துச் சொல்லுதல்" என்று வீட்டாருக்கு ஒரு வரி இல்லை. அன்று அவர் புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்தார்: "மு". முடிவு செய்யாமை.

இந்த வகை வரைபடத்திற்கு ஓர் எல்லை உண்டு. எட்டு, பத்து வரிகள்வரை எது எதன்மேல் நிற்கிறது என்பதை மனத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சிறு அம்புக்குறி இட்டும் காட்டலாம். நாற்பது ஐம்பது வேலைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பெரும் பணிக்கு, 1950-களின் இறுதியில் தோன்றிய பெர்ட் போன்ற வலைப்பின்னல் முறைகளே ஏற்றவை. ஒரு மாடி அறைக்கு அவ்வளவு தேவையில்லை.

ஓடு நவம்பர் 18-இல் தொடங்கி 24-இல் முடிந்தது. குளியலறையின் கடைசி வரிசை பதிந்துகொண்டிருக்கையில் அறையின் கதவு மாட்டப்பட்டது. 25-ஆம் நாள் சுண்ணாம்பு அடித்தார்கள். மறுநாள் விருந்தினர் வந்திறங்கியபோது சுவர் வெண்மையாகவும், சற்றே ஈர வாடையுடனும் இருந்ததை நாம் நேரில் கண்டோம்.

அன்று மாலை தாளைச் சுவரிலிருந்து இறக்கி, நண்பரும் மகளும் கணக்குப் பார்த்தனர். நவம்பர் 19-இல் முடிய வேண்டியது 25-இல் முடிந்தது. ஐந்து வேலை நாள். நிலைக்கு "பொ" ஆறு, அதில் ஆள் சேர்த்து மீட்டது மூன்று. மழைக்கு "ம" இரண்டு. ஓட்டுக்கு "மு" இரண்டு. வண்ணத்தை விட்டதில் மீண்டது இரண்டு. கூட்டிக் கழித்தால் ஐந்தே வந்தது. கையிருப்பு வரியின் ஐந்து கட்டமும் சிவப்பாயிருந்தன. பிறகு அத்தாளின் பின்புறத்தில் 2026 சனவரிக்கு மூன்று வாரம் கோடு கிழித்து, முதல் வரியில் "வண்ணம் தேர்ந்தெடுத்துச் சொல்லுதல் – வீட்டார்" என்று எழுதி, அதற்கு இரண்டு நாள் பட்டை போட்டார்.